மொத்தம் சரி, குழி குறைவு: ஒரு வீட்டு மின்தூக்கிக்கான கான்கிரீட் கணக்கு

பின்னணி

பினாங்கு மாநிலம் பட்டர்வொர்த்தில் இரண்டு மாடி வீடு ஒன்றை மூன்று மாடியாக உயர்த்திக் கட்டிய ஒரு குடும்பம், அதனுடன் சிறிய மின்தூக்கி ஒன்றையும் பொருத்த முடிவு செய்தது. வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். முழங்கால் வலியால் படியேறுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டவர். மாநகர் மன்ற அனுமதி கிடைத்திருந்தது. கட்டமைப்புப் பொறியாளர், குத்தகையாளர், மின்தூக்கி விற்பனையாளர் என மூன்று தரப்பினர் வேலையில் இருந்தார்கள். குத்தகையாளர் கொடுத்த விலைப்பட்டியலில் உள்ள அளவுகளைச் சரிபார்த்துத் தரும்படி குடும்பத்தினர் என்னை அழைத்தார்கள். கட்டுமான அளவுக் கணக்கு என் தொழில்.

வரைபடத்தில் மின்தூக்கியின் இடம் ஒரு பெட்டியாகக் குறிக்கப்பட்டு, நடுவே குறுக்குக் கோடுகளுடன் "1500 × 1600" என்று எழுதப்பட்டிருந்தது. அளவு மில்லிமீட்டரில். அது சுவரின் உட்புற அளவா வெளிப்புற அளவா என்று எங்கும் சொல்லப்படவில்லை. சுவர்கள் 200 மி.மீ. தடிமனுள்ள கம்பிக் கான்கிரீட். மின்தூக்கிக்காகத் தரைக்குக் கீழே அமையும் குழியின் அடித்தளம் 300 மி.மீ. தடிமன். மேலே மூடும் கூரைத் தளம் 150 மி.மீ. இவை பொறியாளரின் தாளில் தெளிவாக இருந்தன.

உயரத்தை மூன்று பகுதிகளாகப் பார்க்க வேண்டும். விற்பனையாளர் கேட்ட குழி ஆழம், முடிக்கப்பட்ட தரையிலிருந்து 1200 மி.மீ. குழியின் அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு 50 மி.மீ. வருவதால், அடித்தளக் கான்கிரீட்டின் மேல்முகம் தரைக்குக் கீழே 1250 மி.மீ. இருக்க வேண்டும். தரை மட்டத்திலிருந்து மூன்றாம் தளம் வரை ஏறும் உயரம் 6.4 மீட்டர். அதற்கு மேல் கூரைத் தளத்தின் அடி வரை 3.0 மீட்டர். ஆக, சுவரின் முழு உயரம் 10.65 மீட்டர்.

முதல் மதிப்பீட்டில் கண்டது

குத்தகையாளரின் கணக்கு ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. அடித்தளம் 1.5 × 1.6 × 0.3, அதாவது 0.72 கன மீட்டர். சுவருக்கு 1.5-யும் 1.6-யும் கூட்டி இரட்டித்து 6.2 மீட்டர் சுற்றளவு எடுத்து, 0.2 தடிமனாலும் 10.65 உயரத்தாலும் பெருக்கி 13.2 கன மீட்டர். கூரைத் தளம் 0.36. மொத்தம் 14.3 கன மீட்டர்.

பெருக்கலில் பிழை இல்லை. எனக்கு உறுத்தியது வேறு ஒன்று. அடித்தளத்தின் நீள அகலம் சுவருக்கு உள்ளே இருக்கும் வெற்றிடத்தின் நீள அகலமாகவே இருந்தது. அப்படியானால் சுவர் எதன் மேல் நிற்கும்? பொறியாளரின் வெட்டுத் தோற்றத்தில் அடித்தளம் சுவரின் வெளிமுகத்தைத் தாண்டி நான்கு பக்கமும் 150 மி.மீ. நீண்டிருந்தது. அந்தத் தாளைப் பார்க்காமல், கட்டடக் கலைஞரின் தாளில் உள்ள பெட்டியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்தது.

கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா

வேலையிடத்தில் ஏற்கெனவே நூல் கட்டியிருந்தார்கள். நூலின் அளவு 1500 × 1600. நான் மேஸ்திரியிடம், "சுவர் இந்த நூலுக்கு எந்தப் பக்கம் வரும், அண்ணே?" என்று கேட்டேன். "உள்ளேதான் வரும், தம்பி. பிளானில் உள்ள பெட்டி அவ்வளவுதானே" என்றார். அதே கேள்வியைக் குத்தகையாளரிடம் கேட்டபோது, "வெளியே. உள்ளே காலியிடம் 1500 வேண்டுமே" என்றார். ஒரே நூல், இரண்டு புரிதல்கள். விலைப்பட்டியல் இரண்டுக்கும் பொருந்தவில்லை.

மேஸ்திரி சொன்னபடி நடந்திருந்தால் உள்ளே மிஞ்சுவது 1100 × 1200 மட்டுமே. தூக்கிக் கூண்டே 1000 மி.மீ. அகலம். அதன் பக்கவாட்டில் வழிகாட்டித் தண்டவாளம், அதைச் சுவரில் பிடிக்கும் பிராக்கெட், எதிர்எடை, கதவின் இயக்கத்துக்கான இடம் எல்லாம் வர வேண்டும். கூண்டு உள்ளே நுழைந்தாலும் மற்றவற்றுக்கு இடமிருக்காது. கான்கிரீட் சுவரைப் பிறகு அகலப்படுத்த வழியில்லை.

விற்பனையாளரின் வரைபடத்தை வரவழைத்துப் பார்த்தோம். அதில் 1500 × 1600 என்பது சுவர்களுக்கு இடையிலான வெற்று இடைவெளி என்று குறிப்பு இருந்தது. கட்டடக் கலைஞரின் தாளில் அந்த எண் மட்டும் ஏறியிருந்தது, குறிப்பு ஏறவில்லை. இதை வாய்ப்பேச்சில் விடாமல், உட்புறம் 1500 × 1600, வெளிப்புறம் 1900 × 2000, அடித்தளம் 2200 × 2300 என்று மூன்று செவ்வகங்களையும் ஒரே தாளில் வரைந்து, பொறியாளரும் விற்பனையாளரும் கையொப்பமிட்ட பிறகே நூலை மாற்றிக் கட்டினார்கள். வெளிப்புற அளவு வெளிவந்த பிறகுதான், பழைய அடித்தளம் ஒன்றுக்கு மிக அருகில் தோண்ட வேண்டிவரும் என்பது பொறியாளருக்குத் தெரிந்தது. இடத்தைப் பின்பக்கமாகச் சற்று நகர்த்தினார். தோண்டும் ஆழம் 1600 மி.மீ. என்பதால் அது தேவையான மாற்றம்.

கணக்கைத் திரும்பப் போட்டது

நான்கு சுவர்கள் கொண்ட பெட்டிக்கு உட்சுற்றளவை எடுத்தால் நான்கு மூலைகளும் விட்டுப்போகும். வெளிச்சுற்றளவை எடுத்தால் மூலைகள் இரண்டு முறை கணக்கில் வரும். சுவரின் நடுக்கோட்டை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. உட்புற அளவோடு ஒரு சுவர்த் தடிமனைக் கூட்டினால் நடுக்கோடு கிடைக்கும்: 1.7-யும் 1.8-யும். இரண்டையும் கூட்டி இரட்டித்தால் 7.0 மீட்டர். 0.2 தடிமனால் பெருக்கினால் 1.4 சதுர மீட்டர். அதாவது சுவர் ஒரு மீட்டர் உயர்ந்தால் 1.4 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். இதை வேறு வழியிலும் சரிபார்க்கலாம். வெளிச்செவ்வகம் 1.9 × 2.0 = 3.8. உட்செவ்வகம் 1.5 × 1.6 = 2.4. கழித்தால் அதே 1.4. இரண்டு வழியிலும் ஒரே விடை வராவிட்டால் மேலே போகவே கூடாது.

குத்தகையாளரின் முறையில் மீட்டருக்கு 1.24 வந்திருந்தது. மீட்டருக்கு 0.16 குறைவு. ஆனால் அவர் இன்னொன்றையும் விட்டிருந்தார். மூன்று தளங்களிலும் கதவுக்கான திறப்பு, சட்டத்துக்கான இடத்தையும் சேர்த்து 1000 × 2200 மி.மீ. மூன்று திறப்புகளுக்குமாகக் கழிக்க வேண்டியது 1.32 கன மீட்டர். மூலைகளை விட்டது சுவர்க் கணக்கைக் குறைத்தது, கதவுகளைக் கழிக்காதது அதைக் கூட்டியது. தரைக்கு மேலுள்ள சுவர் மட்டும் அவர் கணக்கில் 11.7, என் கணக்கில் 11.9. ஏறக்குறைய ஒன்றே.

முழுத் தொகையும் அப்படித்தான். அடித்தளத்துக்குக் கீழே மெல்லியதாகப் பரப்பும், சிமெண்டு குறைந்த லீன் கான்கிரீட் நீங்கலாக என் கணக்கில் 15.7 கன மீட்டர், அவர் கணக்கில் 14.3. பத்து விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசம். விலைப்பட்டியலை மேலோட்டமாகப் பார்ப்பவர் இதைச் சேதாரத்தில் அடக்கிவிடலாம் என்று கடந்து போவார். குடும்பத்தின் மூத்த மகளும் அதைத்தான் கேட்டார்: "இவ்வளவு சிறிய வித்தியாசத்துக்காக ஏன் வேலையை நிறுத்த வேண்டும்?"

குழியைத் தனியாகப் பிரித்துக் காட்டினேன். அடித்தளம் 2.2 × 2.3 × 0.3 = 1.52. தரை முடிப்புக்காகக் கான்கிரீட்டை 50 மி.மீ. கீழே நிறுத்துவதால் குழிச் சுவரின் உயரம் 1.2 மீட்டர். அதற்கு 1.68. இரண்டும் சேர்ந்து 3.2 கன மீட்டர். அவர் கணக்கில் அதே பகுதி 2.2. குழியில் கதவு கிடையாது. எனவே அங்கே ஒரு பிழையை இன்னொன்று ஈடுகட்ட வாய்ப்பில்லை. அடித்தளத்தின் நீட்சியும் விட்டுப்போனதால் குறைவின் பெரும்பகுதி குழியிலேயே குவிந்துவிட்டது. இரண்டு கன மீட்டர் சொச்சத்தை வரவழைத்துவிட்டு மூன்று கன மீட்டர் குழியை நிரப்ப முடியாது.

கான்கிரீட் பற்றாக்குறை மேல்மாடிச் சுவரில் வந்தால் சமாளிக்கலாம். ஓரிடத்தில் ஒழுங்காக நிறுத்தி, மறுநாள் முகத்தைக் கொத்திச் சுத்தம் செய்து தொடரலாம். குழியில் அப்படிச் செய்ய முடியாது. பட்டர்வொர்த்தின் தாழ்ந்த பகுதிகளில் ஒரு மீட்டர் தோண்டுவதற்குள் தண்ணீர் ஊறிவிடும். எங்கள் குழியிலும் ஊறியது. பாதிச் சுவரில் கான்கிரீட் தீர்ந்து, அடுத்த லாரி வருவதற்குள் முதல் பகுதி இறுகிவிட்டால், திட்டமிடாத இணைப்பு ஒன்று உண்டாகும். அங்கே நீர்த்தடுப்புப் பட்டை இருக்காது. அந்தக் கோட்டின் வழியாகத்தான் நிலத்தடி நீர் உள்ளே வரும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, மொத்த அளவைப் பேசுவதை விட்டுவிட்டு ஒரே தடவையில் கான்கிரீட் ஊற்றும் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதுவது. அடித்தளத்தோடு சேர்த்துச் சுவரின் அடிப்பகுதியை 150 மி.மீ. உயரத்துக்கு ஒரே மூச்சில் ஊற்றச் சொன்னார் பொறியாளர். வேலையிடத்தில் இதைக் கிக்கர் என்பார்கள். மேல் சுவரின் பலகை இதைப் பிடித்து நிற்கும். நடுவில் பதிக்கும் நீர்த்தடுப்புப் பட்டையும் அடித்தளக் கம்பிகளுக்கு மேலே தடையின்றி நேராக ஓடும். கிக்கருக்கு 1.4 × 0.15 = 0.21. அடித்தளத்தோடு சேர்த்து 1.73. மண்ணை ஒட்டி ஊற்றும் பகுதி என்பதால் பத்து விழுக்காடு சேதாரம் சேர்த்து 1.9. மீதமுள்ள 1.05 மீட்டர் குழிச் சுவருக்கு 1.47. பலகைக்குள் ஊற்றுவதால் ஐந்து விழுக்காடு போதும், 1.54.

நீர்த்தடுப்புப் பட்டையில் இரண்டு தெரிவுகள் இருந்தன. நீர் பட்டால் வீங்கும் ஒட்டுப்பட்டை மலிவு, பொருத்துவதும் எளிது. ஆனால் அப்போது அக்டோபர் மழை. மேல் கான்கிரீட் ஊற்றும் முன்பே குழியில் தண்ணீர் தேங்கினால் பட்டை அங்கேயே வீங்கித் தன் வேலையை முடித்துவிடும். ஆகவே பாதி கிக்கரிலும் பாதி மேல் சுவரிலும் புதையும் பி.வி.சி. பட்டையைப் பொறியாளர் தேர்ந்தெடுத்தார்.

அடுத்த கேள்வி, இவ்வளவு சிறிய அளவை எப்படி வரவழைப்பது என்பது. ரெடிமிக்ஸ் நிலையங்கள் குறைந்த அளவுக்குக் கூடுதல் கட்டணம் கேட்கும். அடித்தளம் ஊற்றும் அன்று அதே தரக் கான்கிரீட் தேவைப்பட்ட பின்கட்டுத் தளத்தையும் சேர்த்துக்கொள்ள யோசனை சொன்னேன். அது 3 × 4 மீட்டர், 125 மி.மீ. தடிமன், 1.5 கன மீட்டர். மொத்தம் 3.5 கன மீட்டர் கேட்டு, குழியை முதலில் நிரப்பிவிட்டு மீதியைப் பின்கட்டுக்கு விடுவது. குழி எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக விழுங்கினாலும் பின்கட்டு ஓரத்தில் ஓரடி குறைவதில் யாருக்கும் நட்டமில்லை.

குழிச் சுவருக்கு அப்படி இணைத்துக்கொள்ள வேறு வேலை இல்லை. குத்தகையாளர் அங்கேயே கலந்து போடலாம் என்றார். ஒன்றரைக் கன மீட்டர்தானே என்பது அவர் வாதம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சிறிய கலவை எந்திரத்தில் பல தவணையாகக் கலக்கும்போது தண்ணீரின் அளவு தவணைக்குத் தவணை மாறும். 200 மி.மீ. சுவரில் இரண்டு வரிசைக் கம்பிகளுக்கு நடுவே இறங்குவதற்காக ஆட்கள் தண்ணீரைக் கூட்டுவார்கள். நீரைத் தடுக்க வேண்டிய சுவருக்கு அதைவிடக் கேடு வேறில்லை. கூடுதல் கட்டணத்தைக் கொடுத்தே சிறிய லாரியை வரவழைப்பதென்று குடும்பத்தினர் ஒப்புக்கொண்டார்கள். இந்த வேலை முழுவதிலும் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் அது ஒன்றுதான் என்று இன்றும் கருதுகிறேன்.

தண்ணீர் ஊறும் மண்ணில் காலிக் குழி மிதக்குமா என்பதையும் பார்த்தோம். கான்கிரீட் 3.2 கன மீட்டர், கன மீட்டருக்கு 2.4 டன் வீதம் எடை 7.7 டன். தண்ணீர் குழிச் சுவரின் உச்சி வரை ஏறினால் அது விலக்கும் நீர், அடித்தளம் 1.52, அதற்கு மேல் 3.8 × 1.2 = 4.56, ஆக 6.1 டன். எடை அதிகம், எனவே மிதக்காது. சுவர் இறுகியபின் நீர் இறைக்கும் பம்பை நிறுத்திச் சோதிக்கலாம் என்ற துணிவு இந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது.

நடந்தது

தோண்டியபோது ஒரு பக்க மண் சரிந்தது. பலகை அடைத்து நிறுத்தினார்கள். அடியில் லீன் கான்கிரீட் 50 மி.மீ. பரப்பினார்கள். அடித்தளமும் கிக்கரும் சுமார் 2 கன மீட்டர் எடுத்துக்கொண்டன. கணக்கைவிடச் சற்று மிகுதி, சரிந்த பக்கத்தின் விளைவு. பின்கட்டுக்கு மீதி சரியாகப் போதுமாக இருந்தது. பழைய மதிப்பீட்டின்படி அடித்தளத்துக்கு முக்கால் கன மீட்டரையே எதிர்பார்த்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை மேஸ்திரி குழி ஓரத்தில் நின்று ஆட்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

குழிச் சுவர் ஒரே தடவையில், இடைவெளி இல்லாமல் நிரம்பியது. நான்கு சுவர்களையும் சமமாக உயர்த்தும்படி சுற்றிச் சுற்றி ஊற்றினார்கள். ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தால் உள்பலகைப் பெட்டி நகர்ந்துவிடும். வைப்ரேட்டரைப் பட்டையில் படாமல் பிடிக்க ஓர் ஆள் தனியாக நின்றார்.

பலகை பிரித்து, ஈரம் காத்து, பம்பை நிறுத்தினோம். வெளியே நீர் மெல்ல ஏறியது. கிக்கர் இணைப்பு முழுவதும் காய்ந்தே இருந்தது. ஆனால் ஒரு சுவரில் இரண்டு இடங்களில் வட்டமாக ஈரம் படிந்தது. இரண்டும் பலகைகளை இழுத்துப் பிடிக்கும் போல்ட் போன துளைகள். பிளாஸ்டிக் குழாய் செருகிப் போல்ட் விட்டு, பிறகு சிமெண்டுக் கலவையால் அடைத்திருந்தார்கள். அடைப்புக்கும் குழாய்க்கும் இடையே நீர் வழி கண்டுகொண்டது. அந்த இடங்களைக் குடைந்து, பாலியூரித்தேன் திரவத்தை அழுத்தத்தில் செலுத்தி நிறுத்தினார்கள். மீண்டும் நீரை ஏறவிட்டுப் பார்த்தபோது ஈரம் இல்லை. அதன் பிறகே உள்ளே பூச்சு வேலை தொடங்கியது.

தரைக்கு மேலுள்ள சுவர்களைத் தளத்துக்குத் தளம் ஊற்றினார்கள். அங்கே கணக்கும் நடப்பும் பெரிதாக விலகவில்லை. முழு உயரமும் எழும்பியபின் மேலிருந்து தூக்குக் குண்டு விட்டு அளந்ததில், முதல் மாடியில் பலகை உள்பக்கமாகத் தள்ளியிருந்தது தெரிந்தது. அந்த இடத்தில் இடைவெளி 1500-க்குப் பதில் 1488 மி.மீ. பொருத்த வந்தவர் தண்டவாளக் கோட்டை எதிர்ப்பக்கம் ஒதுக்கிச் சமாளித்தார். கூண்டின் அளவைக் குறைக்க நேரவில்லை. மின்தூக்கி பொருத்தப்பட்டு இயங்குகிறது. அடுத்த மழைக்காலம் முடிந்தபின் குழியைத் திறந்து பார்த்தோம். காய்ந்திருந்தது.

அடுத்த வேலையில் மாற்ற வேண்டியவை

குழிச் சுவரில் ஊடுருவிச் செல்லும் பிளாஸ்டிக் குழாய்ப் போல்ட்டை அனுமதிக்கக் கூடாது. நடுவில் நீர்த்தடுப்பு வளையம் கொண்ட, சுவருக்குள்ளேயே தங்கிவிடும் வகையைப் பலகை அடிக்கும் முன்பே வாங்கிவைக்க வேண்டும். குழிக்குத் தேவைப்படுவது சில போல்ட்டுகள்தாம். பிறகு பாலியூரித்தேன் செலுத்திய செலவு அதைவிடப் பலமடங்கு.

விற்பனையாளர் கேட்ட 1500 × 1600 அளவை அப்படியே உட்புற அளவாக வரைந்ததையும் மாற்றச் சொல்வேன். பத்து மீட்டருக்கு மேல் எழும் சுவர் நூல் பிடித்தாற்போல் நிற்காது. ஒவ்வொரு பக்கமும் 25 மி.மீ. கூட்டி 1550 × 1650 என்று வரைந்திருந்தால், நடுக்கோடு 7.2 மீட்டர் ஆகும், மீட்டர் உயரத்துக்கு 1.44 கன மீட்டர். முழு உயரத்துக்கும் சுவரில் கூடுவது 0.43 கன மீட்டர் மட்டுமே. அடித்தளமும் கூரையும் அதற்கேற்பச் சிறிதே பெரிதாகும். அந்த 12 மி.மீ. தள்ளல் அப்போது யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் இந்த 25 மி.மீ. எதற்காகக் கூட்டப்பட்டது என்று தாளிலேயே எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் பலகை அடிப்பவர் அதை மிச்சப்படுத்தப் பார்ப்பார்.